தலைப்புக்கு முன்னால் வரவேண்டிய வாக்கியம்

ஒரு பாட்காஸ்ட் எபிசோடு வெளியாகும்போது அதோடு ஒரு சிறிய அறிவிப்பும் வெளியாகிறது. வாட்ஸ்அப் குழுக்களுக்கும் முகநூலுக்கும் போகும் அந்த நாலைந்து வரிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். உதாரணத்துக்கு ஒன்றை எழுதிப் பார்க்கலாம்: "எபிசோடு 32: ஏரிகளும் நாமும். பொதுப்பணித்துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளருடன் விரிவான உரையாடல். தமிழகத்தின் நீர்நிலைகள் குறித்துப் பல அரிய தகவல்களைப் பகிர்ந்துகொள்கிறார். கேளுங்கள், பகிருங்கள்." எபிசோடும் பொறியாளரும் இந்தக் கட்டுரைக்காகக் கற்பனை செய்துகொண்டவை. அவர் சொல்வதாக இங்கே வரும் பொறியியல் செய்தி மட்டும் கற்பனை இல்லை. மேலே உள்ள அறிவிப்பில் பொய் எதுவும் கிடையாது. ஆனாலும் அதைப் படித்த ஒருவருக்கு, படிப்பதற்கு முன் தெரியாத எதுவும் படித்த பின்னும் தெரிவதில்லை. ஏரிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி ஒருவர் பேசியிருக்கிறார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ஒலிப்பதிவில் ஒரு நிமிடத்தைக்கூடக் கேட்காத ஒருவரால் இந்த அறிவிப்பை எழுதிவிட முடியும். விருந்தினர் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடலாம்.

அந்த உரையாடலின் இருபத்துமூன்றாம் நிமிடத்தில் பொறியாளர் ஒன்றைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏரியை ஆழமாகத் தோண்டினால் வயலுக்குப் பாயும் தண்ணீர் கூடிவிடாது என்கிறார். நெறியாளர் ஒரு கணம் நிறுத்தி, "அப்படியா? ஏன்?" என்று கேட்கிறார். பொறியாளர் விளக்குகிறார். நம் ஏரிகளில் கரையின் அடிப்பகுதியில் மடை இருக்கிறது. அதன் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலுக்குப் போய், ஆயக்கட்டு நிலங்களில் பாய்கிறது. மோட்டார் ஏதும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடுவதை நம்பித்தான் அந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. ஆகவே மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர் மட்டுமே வயலுக்குப் போகும். அதற்குக் கீழே எவ்வளவு நின்றாலும் அது ஏரியிலேயே கிடக்கும். பத்து ஹெக்டேர் பரப்பை மடை மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் ஒரு லட்சம் கன மீட்டர் பள்ளம் கிடைக்கிறது. அதில் பத்து கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். அவ்வளவிலும் ஒரு சொட்டுக்கூட மடை வழியே வெளியேறாது. மடையையே கீழே இறக்கி வைக்கலாமே என்றால், அங்கிருந்து புறப்படும் தண்ணீர் வயலின் மட்டத்துக்கும் தாழ்வாகிப்போகும். ஏரியை அமைத்தவர்கள் மடையை எந்த உயரத்தில் வைப்பது என்பதை ஆயக்கட்டின் உயரத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

அந்த எபிசோடுக்கு அறிவிப்பின் முதல் வாக்கியமாக வரவேண்டியது, ஆழமாகத் தோண்டினால் வயலுக்குத் தண்ணீர் கூடாது என்ற அந்தக் கூற்றுதான். தலைப்பு அதற்குப் பின்னால் வரட்டும். இதைச் சொல்லும்போது தலைப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. தலைப்பின் வேலை வேறு. "ஏரிகளும் நாமும்" என்பது நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் இருக்கும் பெயரைப் போன்றது. தேடி வருபவருக்கு அது இடத்தைக் காட்டும். ஓராண்டு கழித்து அந்த எபிசோடை மறுபடி கேட்க நினைப்பவருக்கும், செயலியின் தேடல் பெட்டியில் 'ஏரி' என்று தட்டுபவருக்கும் தலைப்புதான் கைகொடுக்கும். அறிவிப்போ தேடாதவரிடம் போகிறது. உறவினரின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மின்வெட்டு அறிவிப்புக்கும் நடுவே அவர் கைப்பேசித் திரையில் இரண்டு வரி இடம் அதற்குக் கிடைக்கிறது. ஏரிகளைப் பற்றி அவர் எதையும் கேட்கவில்லை. கேட்காதவரிடம் பொருளின் பெயரைச் சொல்வது, எழாத கேள்விக்கு நீட்டும் முகவரி. முதலில் அவருக்குள் கேள்வி எழ வேண்டும். பொருளின் பெயரால் கேள்வி எழுவதில்லை. பொருளைப் பற்றி ஒருவர் உறுதியாக ஒன்றைச் சொல்லும்போதுதான் எழுகிறது.

எப்படிப்பட்ட கூற்று அதற்கு வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'வியப்பு' என்றதும் விசித்திரமான தகவலைத் தேடிப் போகிறார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உண்டு என்பது பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அதைக் கேட்பவரிடம் ஏற்கெனவே இருந்த எந்த எண்ணத்தையும் அது அசைப்பதில்லை. கேட்டார், தலையாட்டினார், நகர்ந்தார். அசைக்கும் வியப்புக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. விருந்தினர் சொன்னதன் எதிர்ப்பக்கத்தை எழுதிப் பார்க்க வேண்டும். "ஏரியை ஆழப்படுத்தினால் பாசனம் பெருகும்" என்று எழுதிப் பாருங்கள். விவரமறிந்த பலரும் ஆமாம் என்பார்கள். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து தூர்வாருதல் என்ற சொல் வீட்டுக்கு வீடு பழக்கமாகிவிட்டது. ஊர் கூடி நிதி திரட்டி இயந்திரம் இறக்கித் தோண்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தை நம்பி உழைப்பையும் பணத்தையும் செலவிடுகிறவர்கள் இருப்பதால்தான் பொறியாளரின் கூற்றுக்குப் பலம் வருகிறது. இதே எபிசோடில் "ஏரிகளைக் காக்க வேண்டியது நம் கடமை" என்றும் அவர் சொல்லியிருக்கக்கூடும். அதன் எதிர்ப்பக்கத்தை எழுதினால் ஒப்புக்கொள்ள ஆளே இருக்காது. மறுக்க ஆளில்லாத வாக்கியத்தைக் கேட்டு யாரும் நிற்பதில்லை. மனதைத் தொடும் பேச்சாகவும் எபிசோடின் நெஞ்சாகவும்கூட அது இருக்கலாம். அறிவிப்பின் முதல் வரியாக அது பயன்படாது.

வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பிழை. அறிவிப்பு கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். முதல் முயற்சியாக ஒருவர் இப்படி எழுதக்கூடும்: "ஏரிகளைத் தூர்வாருவது பற்றி யாரும் சொல்லாத அதிர்ச்சித் தகவல்! ஓய்வு பெற்ற பொறியாளர் உடைக்கும் ரகசியம்." இங்கே வியப்பு இருக்கிறது என்ற செய்தி மட்டும் இருக்கிறது, வியப்பு இல்லை. 'ஏரிகளை' என்பதை எடுத்துவிட்டு 'கிட்னிகளை' என்று போட்டாலும், சிறு மாற்றத்தோடு அதே வாக்கியம் நிற்கும். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வாக்கியம் இந்த விருந்தினரிடமிருந்து வந்ததாக இருக்க முடியாது. இரண்டாம் முயற்சி நேர் எதிர்த்திசையில் பாயும்: "தூர்வாருவது ஏரிகளைக் கெடுக்கிறது என்கிறார் பொறியாளர்." இது கூற்றுதான், கூர்மையாகவும் இருக்கிறது. ஆனால் அவர் இதைச் சொல்லவில்லை. மடை மட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை எடுத்தால் பாசனத்துக்கான கொள்ளளவு உண்மையிலேயே கூடும். மடை வாயை அடைத்துக் கிடக்கும் மண்ணை அகற்றுவது அவசியமான வேலை. அதற்குக் கீழே தோண்டுவதும் முழு வீண் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தண்ணீர் கோடையில் ஆடுமாடுகளுக்கு ஆகும், நிலத்தடிக்கும் இறங்கும், சுற்றியுள்ள கிணறுகள் பிழைக்கும். மடைப் பாசனம் பெருகும் என்று எதிர்பார்த்துத் தோண்டும்போதுதான் ஏமாற்றம். பொறியாளரின் கூற்று உண்மையாக இருப்பது ஓர் எல்லைக்குள்தான். எல்லையை வெட்டி எறிந்தால் வாக்கியம் குட்டையாகும், அதோடு பொய்யாகவும் ஆகும்.

மூன்றாம் முயற்சி எல்லையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அது பின்னிணைப்பாக வராமல் வாக்கியத்தின் உடம்பிலேயே இருக்க வேண்டும். "மடை மட்டத்துக்குக் கீழே ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வராது. பத்து ஹெக்டேரை ஒரு மீட்டர் தோண்டினால் நிற்பது பத்து கோடி லிட்டர். ஆயக்கட்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகள் பாசன ஏரிகளைப் பராமரித்த பொறியாளர், தோண்டச் செலவாகும் பணத்தை முதலில் எங்கே செலவிட வேண்டும் என்பதை 23-ஆவது நிமிடத்திலிருந்து விளக்குகிறார். ஏரிகளும் நாமும், எபிசோடு 32." பழைய அறிவிப்பில் இருந்த தலைப்பும் எபிசோடு எண்ணும் பொறியாளரின் அனுபவமும் இதிலும் இருக்கின்றன, அவற்றின் இடம்தான் மாறியிருக்கிறது. அதோடு ஒவ்வொன்றின் பொருளும் மாறிவிட்டது. 'முப்பது ஆண்டுகள்' என்பது முன்பு மரியாதைக்காகச் சொன்ன பதவிக்குறிப்பு. இப்போது, இதைச் சொல்ல இவருக்கு என்ன தகுதி என்று வாசகர் மனதில் எழும் ஐயத்துக்கு அதுவே பதில். எல்லையைச் சேர்த்ததால் கூர்மையும் மழுங்கவில்லை. 'மடை மட்டத்துக்குக் கீழே' என்ற சொற்கள் வந்த பிறகுதான், ஏரியைப் பார்த்து வளர்ந்த ஒருவர் தன் ஊர் மடை எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்குகிறார். பொதுக்கூற்றுக்குத் தலையாட்டலாம் அல்லது சண்டை போடலாம். எல்லையுள்ள கூற்றைத் தன் ஊர் ஏரியில் வைத்துச் சரிபார்க்கலாம்.

இதற்கு எதிராக முதலில் எழும் கேள்வி நியாயமானது. சாரத்தையே அறிவிப்பில் கொட்டிவிட்டால் எபிசோடை எதற்குக் கேட்க வேண்டும்? இந்தக் கவலைதான் பலரையும் அந்த 'அதிர்ச்சித் தகவல்' நடைக்குத் தள்ளுகிறது. பொருளியலாளரும் உளவியல் ஆய்வாளருமான ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆர்வம் என்பதற்குத் தந்த விளக்கம் இங்கே உதவும். தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையில் உள்ள இடைவெளியை ஒருவர் உணரும்போது ஆர்வம் பிறக்கிறது என்பது அவர் கருத்து. இடைவெளியை உணர வேண்டுமானால் ஒரு கரையில் கால் ஊன்ற இடம் வேண்டும். எதுவுமே தெரியாதவருக்குத் தனக்கு என்ன தெரியவில்லை என்பதும் தெரியாது. ஆகவே எதைச் சொல்வது, எதை எபிசோடுக்கு விடுவது என்பதே இங்கே முடிவு செய்ய வேண்டியது. முடிவைச் சொல்லிவிடலாம், காரணத்தை விட்டுவைக்கலாம். தண்ணீர் வயலுக்கு வராது என்று தெரிந்தவருக்கு ஏன் வராது, மடையை ஏன் இறக்க முடியாது, அப்படியானால் என்னதான் செய்வது என்ற மூன்று கேள்விகள் உடனே எழுகின்றன. வரத்துக்கால்களைச் சீர்செய்வது, மடையையும் கலிங்கலையும் பழுதுபார்ப்பது என்று அவற்றுக்கான பதில் அரை மணி நேரப் பேச்சாக விரிகிறது. முடிவை மறைத்தால் அந்த மூன்று கேள்விகளும் மறைந்துபோகும். முடிவு மட்டும் போதும் என்று எண்ணுபவர் கேட்காமல் நகர்ந்தாலும் இழப்பில்லை. அவர் ஒரு சரியான செய்தியோடு போகிறார். அடுத்த அறிவிப்பைத் திறந்து பார்க்க அவருக்கு ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. இதுவும் சொடுக்க வைக்கும் தூண்டில்தானே, நாகரிகமாக உடுத்தியிருக்கிறது, அவ்வளவுதானே என்பது அந்த மறுப்பு. தூண்டில் தலைப்புகள் எந்த அளவுக்குப் பெருகின என்பதற்கு 2014 ஆகஸ்டு ஓர் அடையாளம். அந்த மாதம் ஃபேஸ்புக் நிறுவனம் அத்தகைய பதிவுகளைப் பின்தள்ளப்போவதாக அறிவித்தது. அதற்கு அது எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. இணைப்பைச் சொடுக்கியவர் அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறார், போன வேகத்தில் திரும்பிவிடுகிறாரா என்று அது பார்த்தது. கவர்ச்சியைத் தண்டிப்பதற்கான அளவுகோல் இது இல்லை. வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று பார்ப்பதற்கானது. தூண்டிலையும் நேர்மையான அறிவிப்பையும் பிரிப்பதற்கும் இதைவிட நல்ல கோடு கிடைக்காது. அறிவிப்பில் சொன்னது ஒலிப்பதிவில் அதே வலுவோடு, அதே எல்லையோடு இருக்கிறதா? கேட்டு முடித்தவர் மறுபடி அறிவிப்பைப் படித்தால் அது உண்மைதான் என்பாரா? 'அதிர்ச்சித் தகவல்' அறிவிப்பு இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவே முடியாது, ஏனெனில் சரிபார்க்க அதில் ஒன்றுமில்லை. மூன்றாம் முயற்சியில் நிமிடத்தைக் குறித்திருப்பது இதற்காகத்தான். எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்று காட்டுபவர் தன் வாக்கைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்பவரிடம் கொடுத்துவிடுகிறார்.

எண்களைப் பார்க்கும் விதத்தையும் அந்தக் கோட்டின்படிதான் அமைத்துக்கொள்ள வேண்டும். பதிவிறக்க எண்ணிக்கையை வைத்துக்கொண்டு புதிய அறிவிப்பு வெற்றி பெற்றதாக மகிழ்வது அவசரம். விளம்பரத் துறையின் ஐஏபி அமைப்பு வகுத்த அளவுகோலின்படி, ஒரு நிமிட ஒலிக்குரிய தரவு இறங்கியிருந்தாலே அதைப் பதிவிறக்கமாகக் கணக்கிடலாம். பதிவிறக்கம் கதவைத் திறந்தவர்களைச் சொல்லும், உட்கார்ந்து கேட்டவர்களைச் சொல்லாது. ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, யூடியூப் ஆகியவை எபிசோடை நடத்துபவருக்குக் காட்டும் கேட்பு வரைபடத்தில்தான் உண்மை தெரியும். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதை அந்தக் கோடு காட்டுகிறது. புதிய அறிவிப்புக்குப் பின் தொடக்கத்தில் கூட்டம் கூடி, மூன்றாம் நிமிடத்தில் கோடு செங்குத்தாக விழுந்தால், அறிவிப்பு அழைத்து வந்தவர்களை எபிசோடின் தொடக்கம் வெளியே அனுப்புகிறது என்று பொருள். மடையைப் பற்றிக் கேட்க வந்தவரிடம் இருபது நிமிடம் விருந்தினரின் பள்ளிப்பருவத்தைப் பேசினால் அவர் போகத்தான் செய்வார். அப்போது அறிவிப்பின் கூர்மையைக் குறைக்கத் தேவையில்லை. மடையைப் பற்றிய பகுதியின் ஒரு துண்டை எபிசோடின் தொடக்கத்தில் வைக்கலாம், விவரக்குறிப்பில் நிமிடங்களைக் கொடுக்கலாம், தொடக்கத்தைத் தொகுத்துச் சுருக்கலாம். கோடு இருபத்துமூன்றாம் நிமிடம்வரை நின்று, அதைத் தாண்டியதும் விழுந்தால் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. சொன்ன அளவுக்கு அங்கே சரக்கு இல்லை, அல்லது அறிவிப்பு அதை மிகைப்படுத்திவிட்டது.

மூன்றாவது மறுப்பு விருந்தினர் பக்கத்திலிருந்து வருகிறது, எல்லாவற்றிலும் கனமானதும் அதுதான். ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசியவரை ஒரே வாக்கியத்துக்குள் அடைப்பது அவருக்குச் செய்யும் அநீதி அல்லவா? வாக்கியம் எபிசோடை விட்டுப் பிரிந்து பயணம் செய்யும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கவலை இன்னும் கூடும். வாட்ஸ்அப்பில் மூன்று குழுக்களைத் தாண்டியதும் இணைப்பு உதிர்ந்துபோய், "பொறியாளர் தூர்வார வேண்டாம் என்கிறார்" என்பது மட்டும் மிஞ்சலாம். தூர்வாருவதற்காக ஊரில் பணம் திரட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்மேல் கோபப்படலாம். திட்டத்தைக் கைவிட விரும்பும் ஒருவர் அதையே சாக்காகவும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் எல்லை வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வலியுறுத்த நேர்கிறது. அடுத்த வரியில் உள்ள எல்லை பயணத்தில் தொலைந்துபோகும். 'மடை மட்டத்துக்குக் கீழே' என்று வாக்கியம் தொடங்கினால், அதை வெட்ட நினைப்பவர் தலையையே வெட்ட வேண்டியிருக்கும். இன்னொரு காவலும் தேவை. அறிவிப்பை வெளியிடுவதற்கு முன் அந்த வாக்கியத்தை மட்டும் விருந்தினருக்கு அனுப்பி, இதை உங்கள் பெயரோடு தனியாகப் பார்த்தால் ஏற்பீர்களா என்று கேட்க வேண்டும். முழு எபிசோடுக்கும் ஒப்புதல் தந்தவர் இதற்குத் தயங்கினால், அந்தத் தயக்கத்தில் பெரும்பாலும் விடுபட்ட ஒரு நிபந்தனை இருக்கும். 'வராது' என்று எழுதிய இடத்தில் 'மோட்டார் வைக்காமல் வராது' என்று அவர் திருத்தலாம். அப்படித் திருத்தினால் வாக்கியம் இன்னும் நல்லதாகும்.

இந்த முறைக்கு ஒத்துவராத எபிசோடுகளும் உண்டு. விருந்தினரின் பெயரே போதும் என்ற அளவுக்குப் புகழ்பெற்றவராக இருந்தால் அந்தப் பெயர்தான் முன்னால் வர வேண்டும். அவர் குரலைக் கேட்கவே மக்கள் வருகிறார்கள். மறைந்த ஒருவரை நினைவுகூரும் உரையாடலிலும், ஒரு கலைஞரின் வாழ்க்கைக் கதையிலும், எவருடைய எண்ணத்தையும் கவிழ்க்கும் கூற்றைத் தேடுவது அந்தப் பேச்சையே தவறாகக் கேட்பதாகும். அங்கே ஒரு காட்சியோ ஒரு குரல் துண்டோ நேர்மையான அறிவிப்பாக அமையும். ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக ஒருவரை அழைத்துப் பேசும் எபிசோடுகளே இந்தக் கட்டுரையின் பொருள். தமிழில் மருத்துவர்களையும் பொறியாளர்களையும் ஆய்வாளர்களையும் உட்காரவைத்து மணிக்கணக்கில் பேச வைக்கும் பாட்காஸ்ட்களில் இந்த வகை ஏராளம்.

அந்த வகை எபிசோடில், இரண்டு முறை கேட்ட பிறகும் முதல் வரியாக வைக்கத்தக்க வாக்கியம் ஒன்றுகூடக் கிடைக்காமல் போவதுண்டு. அப்போது இல்லாததை மொழித்திறத்தால் உண்டாக்கிவிடும் ஆசை வரும். அதற்கு இணங்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் ஒரு துறையில் இருந்தவரிடம் வெளியே உள்ளவர்களின் நம்பிக்கைக்கு மாறான ஒன்றாவது இல்லாமல் இருக்காது. அது பதிவில் இல்லையென்றால், அநேகமாக யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். "ஏரிகளின் முக்கியத்துவம் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் முக்கியத்துவம்தான் பதிலாக வரும். "ஏரிகளைப் பற்றி ஊரார் நம்புவதில் எது உங்களுக்குத் தவறாகப் படுகிறது?" என்று கேட்டிருந்தால் மடை வந்திருக்கும். அறிவிப்பைத் திருத்தி எழுதும் வேலை, கடைசி நாளில் நாலு வரியை மெருகேற்றுவதோடு முடிவதில்லை. அந்த நாலு வரியில் முதலில் வைக்க எதுவும் கிடைக்கவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொள்ளும் நெறியாளர், அடுத்த விருந்தினருக்கான கேள்வித்தாளை வேறு விதமாக எழுதத் தொடங்குவார். தலைப்பை முன்னால் வைக்கும் பழக்கம் இந்தக் குறையை ஒவ்வொரு வாரமும் மூடி மறைக்கிறது. அதைக் கைவிட வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம் இதுவே.